வார்ப்பிரும்புத் தோசைக்கல்: துருவை எடுப்பது, கல்லைப் பழக்குவது, பயமில்லாமல் பயன்படுத்துவது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துருப் பிடித்த கல்லை அடுப்பில் வைத்து நன்றாகக் காயவிட்டால் துரு எரிந்து போய்விடுமா?

போகாது. இரும்பும் ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்து உண்டானதுதான் துரு. ஆக்சிஜனோடு ஏற்கெனவே சேர்ந்து முடிந்த பொருள் என்பதால் மேற்கொண்டு எரிய அதில் எதுவும் மிச்சமில்லை. உருகி ஓடவும் செய்யாது. இரும்பு ஆக்சைடு உருக 1,500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். வீட்டு அடுப்பில் காயும் கல் அதன் பக்கத்தில்கூடப் போகாது.

அப்படியானால் பலர் "காய வைத்தேன், போய்விட்டது" என்று சொல்வது எப்படி? சூடு ஏறும்போது துருவில் இருக்கிற நீர் வெளியேறுகிறது. ஆரஞ்சு நிறம் மங்கிக் கருஞ்சிவப்பாக மாறுகிறது. அதன் மேல் எண்ணெய் தடவினால் இன்னும் கறுத்து, நன்றாகப் பழகிய கல் போலவே தெரியும். கண்ணுக்கு மறைந்ததே தவிர, துரு அங்கேயேதான் இருக்கிறது. துரு என்பது இரும்போடு இறுகப் பிடிக்காத, பொடிப்பொடியான படலம். அதன் மேல் தடவும் எண்ணெயும் அந்தப் பொடியைத்தான் பிடித்துக்கொள்ளும், இரும்பை அல்ல. உதிரும் சுவரில் சுண்ணாம்பு அடித்த மாதிரி, நாலு தோசை வார்த்ததும் பொடியும் எண்ணெய்ப் படலமும் சேர்ந்து பெயர்ந்து வரும்.

சந்தேகம் இருந்தால் ஒரு வெள்ளைத் துணியில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு, ஆறிய கல்லை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் ஆரஞ்சு அல்லது செங்கல் நிறம் ஏறினால் துரு இருக்கிறது. கறுப்போ கரும்பழுப்போ ஏறினால் அது கருகிய எண்ணெய், அதற்குப் பயப்பட வேண்டாம். இந்த ஒரு சோதனை தெரிந்தால் இந்தப் பக்கத்தில் உள்ள பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

துருவைப் போக்கக் கல்லைத் தீக்குள் போடுவது, விறகடுப்பில் சிவக்கச் சிவக்கக் காய்ச்சுவது எல்லாம் இன்னும் மோசம். வார்ப்பிரும்பு ஒரு பக்கம் மட்டும் அதிகம் சூடானால் வளையும், சில நேரம் விரிசல் விடும். அளவு மீறிச் சுட்ட இரும்பின் மேல் செம்மை ஏறிய செதில் உண்டாகும். அதற்குப் பிறகு எத்தனை முறை பழக்கினாலும் அந்த இடத்தில் எண்ணெய்ப் படலம் நிற்காது.

தெரியாமல் துருக் கல்லில் சுட்ட தோசையைச் சாப்பிட்டுவிட்டோம். ஆபத்தா? டெட்டனஸ் வருமா?

டெட்டனஸ் வராது. அந்த நோயைக் கொடுப்பது துரு அல்ல, மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் ஒரு பாக்டீரியா. அது காயத்தின் வழியாக உடலுக்குள் போனால்தான் நோய். மண்ணில் கிடந்த துரு ஆணி குத்தினால் ஊசி போடச் சொல்வது அந்தக் காயத்துக்காக. சாப்பாட்டோடு போன துருவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தோசையில் ஒட்டி வந்த கொஞ்சம் துரு ஆரோக்கியமான ஒருவருக்குக் கெடுதல் செய்யாது. அந்த வடிவத்தில் உள்ள இரும்பை உடல் மிகக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும், மீதி வெளியேறிவிடும். நாக்கில் உலோகச் சுவை தட்டும், தோசையின் அடி பழுப்பாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் தலசீமியா உள்ளவர்கள், உடலில் இரும்பு அளவுக்கு மேல் சேரும் ஹீமோகுரோமடோசிஸ் உள்ளவர்கள் இரும்புப் பாத்திரத்தில் அன்றாடம் சமைப்பதைப் பற்றித் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். துரு இல்லாத கல்லுக்கும் இது பொருந்தும்.

ஆபத்தில்லை என்பதற்காகத் துருவோடு தொடர்ந்து சமைக்கச் சொல்லவில்லை. துரு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் அடுத்த துரு இன்னும் வேகமாக வரும். அது குழிக்குழியாக இரும்பைத் தின்றுகொண்டே போகும்.

என் மாமியாருடைய பழைய வார்ப்பிரும்புக் கல் பல வருடமாகப் பரணில் கிடந்தது. முழுக்கச் செம்பழுப்பாக இருக்கிறது. இதை மீட்க முடியுமா, எடைக்குப் போட்டுவிடலாமா?

எடைக்குப் போடாதீர்கள். பார்க்கத்தான் பயமாக இருக்கும். பரணில் கிடந்த கல்லில் துரு பெரும்பாலும் மேற்பரப்போடு நிற்கும். முதலில் விரிசல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். கல்லைக் கைப்பிடியில் தொங்கவிட்டு மரக்கரண்டியால் தட்டினால் மணி போல ஓசை நீண்டு வர வேண்டும். 'டொக்' என்று செத்த ஓசை வந்தால் விரிசல் இருக்கலாம். விரிசல் விட்ட கல்லைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளவே கூடாது. சூட்டில் அது எப்போது இரண்டாகும் என்று சொல்ல முடியாது.

ஓசை சரியாக இருக்கிறது, 10 அங்குலக் கல், இரண்டு பக்கமும் துரு என்று வைத்துக்கொள்வோம். அரை நாள் வேலை இருக்கிறது.

முதலில் தண்ணீரும் சோப்பும் போட்டு, ஸ்டீல் நாரால் வெளியில் வைத்துத் தேயுங்கள். ஈரமாகவே தேயுங்கள், உலர்ந்த துருவைத் தேய்த்தால் தூசு மூக்கில் ஏறும். பெரும்பகுதி இதிலேயே வந்துவிடும். கீழே சாம்பல் நிறத்தில் இரும்பு தெரிய ஆரம்பிக்கும். அதுதான் நாம் தேடுவது.

மிச்சம் பிடித்துக்கொண்டிருக்கும் இடங்களுக்குப் புளிப்பு வேண்டும். வீட்டில் இருக்கும் பழைய புளியில் எலுமிச்சை அளவு எடுத்து, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் கரைத்து, ஒரு கைப்பிடி கல் உப்போடு கல்லின் மேல் பூசி அரை மணி நேரம் விடுங்கள். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் துருவைக் கரைக்கும், உப்பு தேய்ப்பதற்கு உதவும். துரு தடிமனாக இருந்தால் வினிகர் இன்னும் நன்றாக வேலை செய்யும். கடையில் விற்கும் வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து, கல் மூழ்கும் அளவு ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றி ஊற வையுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், அமிலம் அதையும் அரிக்கும்.

இங்கே நேரம்தான் முக்கியம். அரை மணிக்கு ஒரு முறை வெளியே எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். துரு போனதும் நிறுத்திவிடுங்கள். இரவு முழுக்க ஊறட்டும் என்று விட்டுவிட்டால், துருவைத் தின்று முடித்த அமிலம் நல்ல இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். காலையில் மேற்பரப்பு சொரசொரவென்று கரும்சாம்பல் நிறத்தில் இருக்கும், அதைத் திரும்ப வழவழப்பாக்குவது பெரும்பாடு. ஒரு மணி நேர ஊறலில் அசையாத துரு இருந்தால் மேற்கொண்டு ஊற வைப்பதைவிட, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 120 எண் உப்புத்தாளால் அந்த இடத்தை மட்டும் தேய்ப்பது நல்லது.

பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு ஸ்பூன் சமையல் சோடாவைத் தூவி ஒரு முறை தேய்த்து மறுபடி கழுவுங்கள். துவாரங்களில் மிச்சமிருக்கும் அமிலம் அதில் தீர்ந்துவிடும். உடனே துணியால் துடைத்து, அடுப்பில் சிறு தீயில் வைத்து ஈரம் முழுக்கப் போகும்வரை காயவிடுங்கள். 'உடனே' என்பது இங்கே வார்த்தைக்காகச் சொன்னதல்ல. ஏன் என்பது அடுத்த பதிலில்.

இந்த நிலையில் கல் வெளிர்சாம்பலாக, அங்கங்கே குழிப்புள்ளிகளோடு இருக்கும். ஆழமில்லாத குழிகள் தோசைக்கு இடைஞ்சல் இல்லை. பழக்கப் பழக்க அவை நிரம்பிவிடும்.

தேய்த்துத் தேய்த்து எடுத்தேன். கழுவி வைத்த சில நிமிடங்களில் மறுபடி ஆரஞ்சு நிறமாகிவிட்டது. என் வேலை எல்லாம் வீணா?

வீணில்லை. வெறும் இரும்பு வெளியே தெரிகிறது என்பதற்கே அது அடையாளம். காப்பு எதுவும் இல்லாத புத்தம் புது இரும்பு, தண்ணீரும் காற்றும் பட்டவுடன் மெல்லிய துருவைப் பூசிக்கொள்ளும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடற்காற்று வீசும் ஊர்களில் இன்னும் சீக்கிரம். இந்தப் படலம் விரலால் துடைத்தாலே வந்துவிடும். எண்ணெய் தொட்ட துணியால் நிறம் ஏறாத வரை துடைத்துவிட்டு, நேராகப் பழக்க ஆரம்பிக்கலாம். மறுபடியும் கழுவாதீர்கள், கழுவினால் மறுபடியும் வரும். துரு எடுக்கும் வேலையையும் முதல் சுற்றுப் பழக்கலையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

கல்லைப் பழக்குவது என்றால் எண்ணெய் தடவி வைப்பதுதானே? அதை எப்படிச் செய்வது? எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு மட்டும்தான்.

எண்ணெய் தடவி வைப்பது பாதுகாப்பு மட்டும், பழக்குவது வேறு. எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவி, அது புகையத் தொடங்கும் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்தால், எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி இறுகிக் கெட்டியான கறுப்புப் படலமாக மாறும். அது இனி எண்ணெய் அல்ல. விரலால் தொட்டால் ஒட்டாது, தண்ணீரில் கரையாது. மாவு இரும்பை நேரடியாகத் தொடாமல் தடுப்பதும், காற்றும் ஈரமும் இரும்பை அடையாமல் தடுப்பதும் இந்தப் படலம்தான். துருவை முழுக்க எடுத்த பிறகே பழக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் இதற்காகத்தான். படலம் வெறும் இரும்பின் மேல் இறுக வேண்டும்.

கேஸ் அடுப்பில் செய்யும் முறை இது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் போடுங்கள். புகை வரும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் அவர்கள் வேறு அறையில் இருக்கட்டும், கூண்டுப் பறவை இருந்தால் அதையும் தள்ளி வையுங்கள்.

கல்லைச் சிறு தீயில் 5 நிமிடம் வைத்துக் கை பொறுக்கும் அளவைவிடச் சற்றுக் கூடுதலாகச் சூடாக்குங்கள். அடுப்பை அணைத்துவிட்டு, பருத்தித் துணியில் அரை ஸ்பூன் எண்ணெய் எடுத்து, துணியைத் தடிமனாக மடித்துப் பிடித்து, மேல், அடி, ஓரம், கைப்பிடி எல்லா இடத்திலும் தடவுங்கள். செயற்கை நூல் துணி வேண்டாம், உருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் இன்னொரு உலர்ந்த துணியால், தெரியாமல் எண்ணெய் தடவிவிட்டோம், அதை முழுக்க எடுத்தாக வேண்டும் என்கிற மாதிரி அழுத்தித் துடைத்துவிடுங்கள். கல் எண்ணெய்ப் பளபளப்பு இல்லாமல் லேசாக மினுங்கினால் போதும். கண்ணுக்குத் தெரியாத அளவு எண்ணெய் துவாரங்களில் தங்கியிருக்கும். அதுதான் தேவை.

இப்போது மிதமான தீயில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் மெல்லிய புகை எழும். அந்தத் தீயிலேயே 10 முதல் 15 நிமிடம், புகை குறைந்து நிற்கும்வரை விடுங்கள். கேஸ் பர்னரின் சூடு நடுவில்தான் சேரும். அதனால் 2, 3 நிமிடத்துக்கு ஒரு முறை கல்லை நகர்த்தி, ஒவ்வொரு ஓரத்தையும் தீக்கு நேராகக் கொண்டு வாருங்கள். இதைச் செய்யாவிட்டால் நடு கறுத்து, ஓரம் பழுப்பாகவே இருக்கும். தோசையின் விளிம்பு ஒட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். அடுப்பை அணைத்துத் தானாக ஆறவிடுங்கள்.

இது ஒரு சுற்று. கல் சாம்பலிலிருந்து வெண்கலப் பழுப்புக்கு வந்திருக்கும். அதையே இன்னும் 3 முறை செய்தால் கரும்பழுப்பாகும். முழுக் கறுப்பு சமைக்கச் சமைக்கத்தான் வரும், அதற்காக அவசரப்பட்டு எண்ணெயைக் கூட்ட வேண்டாம்.

பெரிய ஓடிஜி இருக்கிறவர்களுக்கு வேலை சுலபம். தடவித் துடைத்த கல்லைக் கவிழ்த்து வைத்து 230 டிகிரியில் ஒரு மணி நேரம் விட்டு, உள்ளேயே ஆறவிட வேண்டும். சூடு எல்லாப் பக்கமும் சமமாகப் படும். மர, பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள கல்லை மட்டும் உள்ளே வைக்காதீர்கள்.

எந்த எண்ணெய் நல்லது? தேங்காய் எண்ணெய் போதுமா?

தேங்காய் எண்ணெய் இதற்கு ஏற்றதல்ல. அதில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. அது எளிதில் பின்னி இறுகாது. நெய்யும் அப்படித்தான். சூரியகாந்தி எண்ணெயோ தவிட்டு எண்ணெயோ நன்றாக இறுகும், அதிக சூட்டையும் தாங்கும். நல்லெண்ணெயும் சரிதான், பல வீடுகளில் பழக்குவதற்கு அதைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள். செக்கு எண்ணெய் சீக்கிரம் புகையும், ஆனாலும் வேலை செய்யும். ஆளிவிதை எண்ணெய் அழகாக இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகும், ஆனால் சில மாதத்தில் செதில் செதிலாகப் பெயர்ந்து வரும் என்று பலரும் குறைப்படுகிறார்கள். அதற்குக் கொடுக்கும் விலைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு மெல்லியதாகத் தடவினோம் என்பதே பெரிது.

பழக்கிய பிறகு கல் பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறது. என்ன செய்வது?

எண்ணெய் அதிகம், அல்லது சூடு போதவில்லை. மேலே உள்ள எண்ணெய் பாதி இறுகிய நிலையில் நின்றுவிட்டது. எண்ணெய் சேர்க்காமல் மறுபடி மிதமான தீயில் புகை நிற்கும்வரை வையுங்கள். லேசான பிசுபிசுப்பு இதிலேயே சரியாகிவிடும். சொட்டுச்சொட்டாக மேடு தட்டியிருந்தால் கல் உப்பும் நாரும் போட்டு அந்த மேட்டைத் தேய்த்துச் சமமாக்கிவிட்டு, ஒரு மெல்லிய சுற்று ஏற்றுங்கள். பிசுக்கோடு அப்படியே அலமாரியில் வைத்தால் தூசு ஒட்டும், சில வாரத்தில் காறல் வாடை வரும். அந்த வாடை தோசையிலும் ஏறும்.

புதுக் கல்லை 3 நாள் வடிகஞ்சியில் ஊற வைக்கச் சொல்கிறார்களே?

ஊற வைப்பதன் நோக்கம் சுத்தம் செய்வது. வார்ப்பில் ஒட்டிய மணல், கரித்தூள், துருப் பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெய் அல்லது மெழுகு ஆகியவை புளித்த கஞ்சியில் இளகி, தினமும் தேய்த்துக் கஞ்சியை மாற்றும்போது போகின்றன. சோப்பும் வெந்நீரும் நாரும் அதே வேலையை அரை மணியில் முடித்துவிடும். கஞ்சியில் ஊற வைத்தால் கல் கெட்டுவிடாது, ஆனால் கஞ்சி மட்டும் கல்லைப் பழக்காது. ஊற வைத்து எடுத்த கல்லையும் நன்றாகக் காயவைத்து, மேலே சொன்னபடி எண்ணெய் ஏற்றத்தான் வேண்டும்.

கடையில் 'முன்பே பழக்கியது' என்று விற்கும் கல்லுக்கு இந்த ஊறல் வேண்டவே வேண்டாம், இருக்கும் படலத்தையும் அது தளர்த்தும். அந்தக் கல்லைக் கழுவிக் காயவைத்து, வீட்டில் இன்னும் 2 சுற்று ஏற்றினால் நல்லது.

எல்லாம் செய்தும் தோசை ஒட்டுகிறது.

முதல் வாரம் மெல்லிய தோசை வார்க்காதீர்கள். எண்ணெய் தாராளமாக விடும் அடை, ஊத்தப்பம் சுடுங்கள். ஒவ்வொரு அடையும் ஒரு சிறு பழக்கல்.

அடுத்தது சூடு. கல் போதுமான அளவு காயவில்லை என்றால் மாவு ஒட்டும். மிதமிஞ்சிக் காய்ந்திருந்தால் மாவு ஊற்றின இடத்திலேயே வெந்து, கரண்டியோடு சுருண்டு வரும். வார்ப்பிரும்பு மெதுவாகத்தான் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். மிதமான தீயில் 5, 6 நிமிடம் காய விட்டு, நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சொட்டுகள் சலசலத்து உடனே ஆவியானால் சரியான சூடு. குண்டுமணியாக உருண்டு ஓடினால் அதிகம், தீயைக் குறைத்துக் கொஞ்சம் பொறுங்கள். ஒவ்வொரு தோசைக்கும் நடுவில் பாதி வெங்காயத்தில் எண்ணெய் தொட்டுத் தேய்க்கும் வழக்கம் நல்ல வழக்கம். அது எண்ணெயை மெல்லியதாகப் பரப்புகிறது, மேற்பரப்பையும் சற்று ஆற்றுகிறது.

இன்னொன்று, தோசைக்கும் சப்பாத்திக்கும் தனித்தனிக் கல் வைத்துக்கொள்ளுங்கள். சப்பாத்தி எண்ணெயில்லாமல் அதிக சூட்டில் சுடுவது, உதிரும் மாவும் கல்லில் கருகும். இது இரண்டும் படலத்தைத் தின்றுவிடும்.

சோப்பு போட்டுக் கழுவலாமா?

போடலாம். இறுகிய படலம் பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்புக்குக் கரையாது. கெடுப்பது ஊற வைப்பதுதான். சிங்கில் இரவு முழுக்கத் தண்ணீரில் கிடந்தால் காலையில் துரு நிச்சயம். டிஷ்வாஷரில் போடவே கூடாது. ஒட்டியிருந்தால் கல் உப்பு போட்டுத் துணியால் தேய்த்தால் போதும். கழுவியதும் துடைத்து, அடுப்பில் 2 நிமிடம் காயவைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போது 2 சொட்டு எண்ணெயைத் தடவித் துடைத்து வையுங்கள்.

புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு இதில் செய்யலாமா? வாழைப்பூ வதக்கினால் ஏன் கறுத்துப் போகிறது?

வார்ப்பிரும்புச் சட்டியில் தக்காளி சேர்த்த பொரியலை 10 நிமிடம் வதக்கி உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் பாதகமில்லை. புளிக்குழம்பை முக்கால் மணி நேரம் கொதிக்க வைப்பது வேறு விஷயம். துருவை எடுக்கப் பயன்படுத்திய அதே புளிதான் இங்கேயும் வேலை செய்கிறது. படலத்தைத் தளர்த்தும், அடியில் உள்ள இரும்பைக் கரைத்துக் குழம்பில் சேர்க்கும், சுவை உலோகமாக மாறும். அதற்கு மண்சட்டியோ ஸ்டீலோ எடுங்கள். எதைச் சமைத்தாலும் இரும்புச் சட்டியிலேயே வைத்திருந்து மறுநாள் சுட வைப்பது வேண்டாம்.

வாழைப்பூ, வாழைக்காய், கத்தரிக்காய் கறுப்பது அவற்றில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்வதால். பழைய காலத்து எழுதும் மையும் இப்படித்தான் உண்டாக்கப்பட்டது. சாப்பிடலாம், நிறம்தான் பிடிக்காது.

இரும்புக் கல்லில் சமைத்தால் இரத்தசோகை போய்விடுமா?

இரும்பு உணவில் இறங்குவது உண்மை. புளிப்பும் ஈரமும் உள்ள பதார்த்தம் நீண்ட நேரம் வேகும்போது அதிகம் இறங்கும். ஆனால் நன்றாகப் பழகிய கல்லில், 2 நிமிடம் வேகும் தோசையில் இறங்குவது கொஞ்சம்தான். மருத்துவர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை இதை நம்பி நிறுத்தாதீர்கள்.

சூடான கல்லில் தண்ணீர் ஊற்றினால் உண்மையிலேயே விரிசல் விடுமா? இண்டக்‌ஷனில் வைக்கலாமா?

விடும். தோசைக்கு நடுவில் தெளிக்கும் நாலு சொட்டுக்கு எதுவும் ஆகாது. புகைய இருக்கும் கல்லைக் குழாய்க்கு அடியில் பிடித்தால் மேற்பரப்பு சட்டென்று சுருங்கும், உள்ளே இன்னும் விரிந்தே இருக்கும். வார்ப்பிரும்பு வளைந்துகொடுக்கத் தெரியாத உலோகம், உடையத்தான் செய்யும். கீழே போட்டாலும் அப்படித்தான். அடித்துத் தட்டிய இரும்புக் கல் நெளியும், வார்ப்பு உடையும்.

இண்டக்‌ஷனில் அடி தட்டையாக இருந்தால் தாராளமாக வைக்கலாம். ஆனால் குறைந்த அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுங்கள், எடுத்தவுடனே முழுச் சக்தியில் வைத்தால் நடுப்பகுதி மட்டும் திடீரென்று சூடேறும். கண்ணாடி மேல் இழுக்காமல் தூக்கி வையுங்கள்.

கைப்பிடியும் ஒரே வார்ப்பு என்பதால் அதுவும் சுடும், அடுப்பை அணைத்து வெகுநேரம் கழித்தும் சுடும். பிடிக்க உலர்ந்த தடித்த துணி வேண்டும். ஈரத் துணியில் பிடித்தால் ஈரம் ஆவியாகி நொடியில் கையைச் சுட்டுவிடும். எண்ணெய் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடவும் செய்யாதீர்கள்.

பழைய இரும்புக் கடையில் நல்ல கனமான வார்ப்புச் சட்டி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

துருவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அதை எடுக்கத் தெரிந்துவிட்டது. அது முன்பு எதற்குப் பயன்பட்டது என்பதைக் கேளுங்கள். வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பவர்கள், பேட்டரி ஈயத்தை உருக்குபவர்கள் வார்ப்பிரும்புச் சட்டியில் அதைச் செய்வது உண்டு. அப்படி ஒரு சட்டியை எவ்வளவு தேய்த்தாலும், எத்தனை முறை பழக்கினாலும் சமையலுக்கு நம்ப முடியாது. ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும், கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. உட்பக்கம் சாம்பல் வெள்ளையாகத் தெறித்த உலோகப் பொட்டுகள் இருந்தாலோ, எங்கிருந்து வந்தது என்று கடைக்காரருக்கே சொல்லத் தெரியாவிட்டாலோ விட்டுவிடுங்கள். பெயின்ட் அடித்த சட்டியும் வேண்டாம்.

உறவினர் வீட்டு அடுப்பங்கரையிலிருந்து வரும் கல்லுக்கு இந்தக் கவலை இல்லை. அதை எடுத்துக்கொள்ளுங்கள்.